பன்னிரண்டாம் குறிப்புக்குப் பதில்

மருத்துவமனையின் மாதாந்தரச் செய்திமடலில் என் மனைவியைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தார்கள். முப்பத்தோரு ஆண்டு பணியாற்றியவர், பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டம் பெற்றவர், இன்முகம் கொண்டவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர். முதல் இரண்டும் சரி. மூன்றாவது பாதி சரி. காலையில் டீ குடிப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்தவன் நான். நான்காவது பொய். அவள் அனுசரித்துப் போயிருந்தால் அந்தப் பட்டம் ஒன்பது மாதம் முன்னதாகவே கிடைத்திருக்கும். இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். இதை ஒரு திருத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

அவள் நர்ஸ். நினைவில்லாமலும் அசைவில்லாமலும் படுத்திருப்பவர்களின் வார்டில் பெரும்பகுதிக் காலம் வேலை பார்த்தவள். அவளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: திருப்பு சிஸ்டர். ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் உடம்பில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்தம் போகாமல் நிற்கும். முதலில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழி விழும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் அது வராது. இடது, மல்லாக்க, வலது. "இதுக்கு மருந்து கிடையாது, ரெண்டு கை போதும்," என்பாள். கட்டில் காலடியில் ஒரு தாள் தொங்கும். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கட்டங்கள். திருப்பியவர் கட்டத்தில் டிக் போட்டு, எந்தப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் அவள் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தபோது தலைப்பைக் கேட்டு என் தம்பி சிரித்தான். ஆளைப் புரட்டிப் போடுவதற்கு டாக்டர் பட்டமா அண்ணி என்றான். நீங்க ஒரு நாளைக்கு ஆபீஸ்ல எத்தனை தடவை நாற்காலியில புரளறீங்க, அதை எண்ணி எழுதினாலே உங்களுக்கும் ஒண்ணு கொடுப்பாங்க தம்பி என்றாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

நான்கு ஆண்டு. டூட்டி முடிந்து, சமையல் முடிந்து, எங்கள் மகளின் வீட்டுப்பாடம் முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் செய்தது. நான்கு வார்டு, நூற்றுப் பதினெட்டு நோயாளிகள். அவளும் பயிற்சி பெற்ற இன்னொரு நர்ஸும் தனித்தனியாக நின்று, ஒவ்வொரு நோயாளிக்கும் பன்னிரண்டு வேளை, ஆள் உண்மையிலேயே திருப்பப்பட்டாரா என்று கண்ணால் பார்த்து எழுதினார்கள். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு வேளை. அதில் திருப்பியது எழுநூற்று முப்பத்தேழு. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. அதே வேளைகளுக்குக் கட்டில் காலடித் தாளில் போட்டிருந்த டிக் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இரண்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.

ஐந்து மாதம் கழித்து இரண்டு தேர்வாளர்களின் அறிக்கைகளும் வந்தன. அவர்கள் யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. முதல் தேர்வாளர், இரண்டாம் தேர்வாளர், அவ்வளவுதான். முதலாமவர் ஒன்பது சிறு திருத்தங்கள் சொல்லி, பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். இரண்டாமவர் பதினேழு குறிப்பு எழுதி, திருத்தி மறுபடி அனுப்பினால்தான் முடிவு சொல்ல முடியும் என்றிருந்தார். விதி எளிமையானது. ஆறு மாத அவகாசம். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, எதிரே பதில், அதற்கு எதிரே மாற்றிய பக்கம், என்று மூன்று பத்தி அட்டவணை தயாரிக்க வேண்டும். திருத்தங்கள் கவனிக்கப்பட்டன என்று ஆய்வு வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். அது இரண்டாம் தேர்வாளருக்கே திரும்பப் போகும். அவர் சரி என்றால் வாய்மொழித் தேர்வு. இல்லை என்றால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

முதல் நாள் அவள் கலகலப்பாகத்தான் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் அறிக்கையைப் பரப்பி வைத்து எனக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினாள். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் நீளம், சுருக்கவும் என்று ஒருவர். அதே அத்தியாயம் போதாது, விரிக்கவும் என்று மற்றவர். "ரெண்டு மாமியார் ஒரே குழம்பைச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்மா," என்றாள் மகள். கடைசியில் அவள் பழைய ஆய்வுகள் ஒன்பது பக்கத்தை வெட்டி, புதியவை ஏழு பக்கம் சேர்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைக் காட்டிவிடலாம். ஓர் அட்டவணையில் விழுக்காடுகளைக் கூட்டினால் நூற்றொன்று வருகிறதே என்று ஒரு குறிப்பு. தசமத்தை முழு எண்ணாக்கியதால் வந்தது என்று அடிக்குறிப்பு போட்டாள். பார்த்து எழுதிய இரண்டு பேரின் பதிவும் எவ்வளவு ஒத்துப்போனது என்ற கணக்கைக் கேட்டிருந்தார்கள். அது கையில் இருந்தது, சேர்த்தாள். பக்க எண் பத்தியை மட்டும் கடைசிவரை காலியாக விட்டிருந்தாள். ஒரு வரி சேர்த்தாலும் எல்லாப் பக்கமும் நகரும் என்று மகள்தான் எச்சரித்திருந்தாள். மகள் கணினிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அட்டவணைக்கு அவள்தான் பொறுப்பு.

பன்னிரண்டாம் குறிப்பை என் மனைவி முதல் நாள் சத்தமாகப் படிக்கவில்லை. நான்தான் பிறகு எடுத்துப் பார்த்தேன். அது இப்படி இருந்தது: "மருத்துவமனையின் அதிகாரபூர்வப் பதிவுக்கும் ஆய்வாளரின் நேரடிப் பார்வைக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பது பார்வை முறையின் நம்பகத்தன்மையைச் சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. ஒருவர் நின்று பார்க்கும்போது பணியாளர்களின் நடத்தை மாறும் என்பதும் அறியப்பட்டதே. ஆகவே அதிகாரபூர்வப் பதிவையே முதன்மைத் தரவாகக் கொண்டு நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களைத் திருத்தி எழுதவும். நேரடிப் பார்வைத் தரவை நீக்கலாம்."

நீக்கலாம். நான்கு ஆண்டு நின்ற கால்களை நீக்கலாம்.

வழிகாட்டி செவிலியர் கல்லூரியில் பேராசிரியர். அவளைவிட எட்டு வயது சின்னவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை சிஸ்டர் என்பார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அறைக்கு அன்று நானும் போயிருந்தேன், அவள் கையில் இருந்த கட்டுத் தாள்களைத் தூக்குவதற்கு. அறை முழுக்கப் பிறர் ஆய்வேடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவர் பன்னிரண்டாம் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

செய்துவிடலாம் சிஸ்டர் என்றார். தரவு இரண்டும் நம்மிடம் இருக்கிறது. எதை முன்னே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். பட்டத்தை வாங்கிவிட்டு, பார்த்த கணக்கைத் தனிக் கட்டுரையாகப் போட்டுக்கொள்ளலாம். இதற்குள் மருத்துவமனையின் தலைமை நர்ஸான மேட்ரனும் அவரிடம் பேசியிருந்தார் போலிருக்கிறது. மருத்துவமனையின் தரச் சான்றிதழ் புதுப்பிக்கும் வருடம் இது, தொண்ணூற்றாறுக்குப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு என்று நம் ஆளே அச்சில் போட்டால் நன்றாயிருக்குமா என்று. மருத்துவமனையின் பெயர் ஆய்வேட்டில் எங்கும் இல்லை என்று அவள் சொன்னாள். பெயர் இல்லாவிட்டால் தெரியாதா என்றார் வழிகாட்டி, சற்று வருத்தமாகவே.

"சார், திருப்பாத ஆளைத் திருப்பினதா நான் எப்படி எழுதறது?"

"நீங்க எழுதலை சிஸ்டர். பதிவேடு எழுதியிருக்கு."

"பதிவேட்டுக்குக் கை இருக்கா சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தேர்வாளர் நிராகரித்தால் இந்த நான்கு வருடமும் போய்விடும், கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் எனக்கும் கெட்ட பெயர் என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். படியில் இறங்கும்போது, யோசிக்கிற உத்தேசம் இல்லாதவள் போல வேகமாக இறங்கினாள். கட்டுத் தாளோடு நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். இருபத்திரண்டு வருடம் என்னிடம் சொல்லாததை, ஒரு தலையணை உறையை நான்காக மடிக்கிற நேரத்தில் சொன்னாள்.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. காலை டூட்டி, இருபத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ். எல்லோரும் செய்வதுபோல, டூட்டி முடியும் நேரத்தில் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். எட்டு, இடது. பத்து, மல்லாக்க. பன்னிரண்டு, வலது. இரண்டு, இடது. ஒன்பதாம் கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியை. அன்று காலை பதினொன்றே காலுக்கு இறந்துவிட்டார். இவள்தான் கண்ணை மூடிவிட்டாள், இவள்தான் முகத்தைத் துடைத்தாள். உடம்பை எடுத்துப் போன பிறகு கட்டில் காலியாகவே இருந்தது. தாள் மட்டும் காலடியில் தொங்கியது. கை பழக்கத்தில் நிரப்பிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வலது பக்கம், இரண்டு மணிக்கு இடது பக்கம், கீழே இவள் கையெழுத்து.

"வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. மறுநாள் ஓடிப் போய்ப் பார்த்தா, கோப்பு பதிவறைக்குப் போயிடுச்சு. யாரும் கேக்கலை. அதுதாங்க எனக்குப் பொறுக்கலை. ஒருத்தரும் கேக்கவே இல்லை."

நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளன். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதுவது என் வேலை. எங்கள் பதிவேட்டிலும் வழியில் நின்றுபோன வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"உங்க வண்டிக்கு முதுகுல புண்ணு வராது," என்றாள்.

ஆக, அவள் ஆய்வு எங்கிருந்து தொடங்கியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாளை நம்பக் கூடாது என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். தேர்வாளர் அந்தத் தாளையே ஆதாரமாகக் கொள்ளச் சொல்கிறார். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், வேலை செய்வாள். அன்று வீட்டிலிருந்த எல்லாத் துணியும் மடிக்கப்பட்டது, மகள் போட்டுக்கொள்ள எடுத்து வைத்திருந்தது உட்பட.

ஆனால் எனக்குத் தெரியும் என்பது பதில் ஆகாது. மூன்று பத்தி அட்டவணையில் அதற்கு இடமில்லை. தாள் பொய் சொல்கிறது என்று தாளுக்கு வெளியே இருந்து காட்ட வேண்டும். ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தாள். ஒரு காலையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்ட்ரெச்சர் நோட்டு, என்றாள்.

மருத்துவமனையில் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு, லிஃப்டுக்குப் பக்கத்தில் சின்ன அறை. அங்கே ஒரு நோட்டு உண்டு. எந்த வார்டு, எந்தக் கட்டில், எத்தனை மணிக்கு எடுத்தது, எங்கே விட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது. ஸ்கேன் அறையில் தாமதமானால் பழி தள்ளுகிறவர் தலையில் விழும் என்பதால் அவர்கள் நிமிடக் கணக்கோடு எழுதி, எதிராளியிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். பிணவறைக்குக் கொண்டுபோனாலும் அதே நோட்டு, அதே கையெழுத்து. கட்டிலிலேயே இல்லாத ஆளை யாராலும் திருப்ப முடியாது. ஆள் வார்டில் இல்லாத வேளைகளுக்கு நர்ஸ் தாளில் டிக் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்த அறையின் மூத்தவரை எல்லோரும் ஸ்ட்ரெச்சர் அண்ணன் என்பார்கள். நோட்டைக் கேட்டதும் அவர் தயங்கினார். யார் மேலாவது புகாரா சிஸ்டர் என்றார். ஆமாண்ணே, என் மேல என்றாள். அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கோங்க என்றார். அவள் எடுக்கவில்லை. நோயாளிகளின் கோப்பைப் பார்க்கத்தான் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருந்தது. இந்த நோட்டு அதில் இல்லை. புதிதாக விண்ணப்பம் எழுதி, காரணம் எழுதி, நோயாளி பெயரோ பணியாளர் பெயரோ வெளியே வராது என்று உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து வாரம் காத்திருந்தாள். அவகாசத்தில் ஏற்கெனவே இரண்டு மாதம் போயிருந்தது. நோட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டால்தான் என்ன என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டேன்.

அனுமதி வந்தது. ஆய்வு நடந்த நாட்களில், பார்த்து எழுதிய வேளைகள் போக, அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரும் வார்டில் இல்லாமல் போன வேளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஸ்கேன், அறுவை அரங்கு, டயாலிசிஸ், பிணவறை. அவற்றில் நூற்று எழுபத்தொரு கட்டத்தில் டிக் இருந்தது. நூற்றுக்கு எண்பத்தொன்று. அதில் நான்கு கட்டம், காலையிலேயே இறந்துபோன இரண்டு பேருடையது.

எண்ணி முடித்ததும் ஜெயித்துவிட்ட முகம் இல்லை அவளுக்கு. அந்த நான்கையும் தனியாக எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி வார்டுக்குப் போகாமல் இருக்குமா? அவளோடு ஒரே வருடம் பயிற்சியில் சேர்ந்த தோழி ஒருத்தி, இப்போது அடுத்த வார்டின் பொறுப்பாளர். எங்கள் கல்யாணத்தில் மேடையைவிட்டு இறங்காமல் நின்றவள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்களை எல்லாம் மாட்டிவிட்டு நீ டாக்டராகப் போறியா?"

"பேரு எதுவும் இல்லடி. எண்ணுதான்."

"இருபத்திரண்டு பேருக்கு ரெண்டு பேர். யார்டி திருப்புவா? நீ திருப்பினியா?"

"இல்ல. அதையும்தான் எழுதியிருக்கேன்," என்று அவள் ஒரு தாளை நீட்டினாள்.

தோழி நின்றபடியே படித்தாள். ஆய்வாளரின் நிலை என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பகுதி உண்டு. ஆய்வு செய்பவர் தான் யார், எந்தச் சாய்வோடு பார்க்கிறார் என்று சொல்லும் இடம். அதில் புதிதாக இரண்டு வாக்கியம் சேர்த்திருந்தாள். "ஆய்வாளரும் தம் பணிக்காலத்தில் டூட்டி முடிவில் கட்டங்களை மொத்தமாக நிரப்பியிருக்கிறார். ஒரு முறை, அப்போது உயிரோடு இல்லாத நோயாளிக்கும்." அதற்கு அடுத்த தாளில், ஐந்தாம் அத்தியாயத்தின் புதிய பத்தி: டிக் பொய்யானதற்குக் காரணம் பணியாளரின் சோம்பல் அல்ல, ஆள் எண்ணிக்கை, காலியான கட்டத்துக்கு விளக்கம் கேட்பார்கள், நிரம்பிய கட்டத்தை யாரும் கேட்பதில்லை, ஆகவே கட்டம் நிரம்புகிறது.

தோழி இரண்டையும் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். "உனக்குப் பைத்தியம்டி," என்றாள். டீ குடிக்காமல்தான் போனாள். ஆனால் கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சாத்தினாள்.

வழிகாட்டிக்கு அந்த இரண்டு வாக்கியமும் பிடிக்கவில்லை. எண்கள் சரி, ஸ்ட்ரெச்சர் நோட்டு பிரமாதம், ஆனால் இது தேவையா, வேலைக்கே வினையாகுமே என்றார். தனக்கு வினையாகாத உண்மையாகப் பொறுக்கி எழுதினால், மற்ற நர்ஸுகளுக்கு வினையாகும் உண்மையை மட்டும் எப்படி எழுதுவது என்று கேட்டாள். அவர் பேனாவை எடுத்துத் திறந்தார்.

"அந்தத் தேர்வாளர் திரும்பவும் ஒத்துக்கலைன்னா?"

"தோத்தா நான் தோக்கறேன் சார். திருப்பாதவங்களைத் திருப்பினதா எழுத மாட்டேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'அனைத்துத் திருத்தங்களும் செய்யப்பட்டன' என்று அச்சிட்டிருந்த இடத்தை அடித்து, 'அனைத்துக் குறிப்புகளுக்கும் பதிலளிக்கப்பட்டுள்ளது' என்று கையால் எழுதி, அடித்த இடத்திலும் சுருக்கொப்பம் இட்டார். நல்ல மனிதர் என்று சும்மா சொல்லவில்லை.

அனுப்பிய அட்டவணையின் நகல் என்னிடம் இருக்கிறது. இருபத்தாறு வரிசை. இருபத்தைந்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது, திருத்தப்பட்டது, சேர்க்கப்பட்டது, நன்றி என்று மரியாதையாக ஓடுகிறது. இரண்டாம் தேர்வாளரின் பன்னிரண்டாவதில் மட்டும் முதல் சொல்: மாற்றவில்லை. மகள் அந்த இடத்தில், பணிவுடன் மாற்றவில்லை என்று போடலாமா அம்மா என்று கேட்டிருக்கிறாள். பணிவு மத்த இருபத்தஞ்சுல இருக்கு என்றாளாம். அதன் கீழே காரணம், எண்கள், புதிய அட்டவணை பின்னிணைப்பில் எந்தப் பக்கம் என்பது. பிறகு அவர் சொன்ன நடத்தை மாற்றத்துக்கும் பதில்: "ஒருவர் நின்று பார்க்கும்போது பணியாளர்கள் கூடுதலாகத் திருப்புவார்களே தவிரக் குறைவாகத் திருப்ப மாட்டார்கள். ஆகவே ஐம்பத்திரண்டு என்பது உண்மை நிலையைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு உண்டு. தேர்வாளரின் இந்தக் கருத்து ஆய்வின் முடிவை வலுப்படுத்துகிறது. ஆய்வின் குறைபாடுகள் என்னும் பகுதியில் நன்றியுடன் சேர்க்கப்பட்டுள்ளது." அந்த நன்றியை எழுதியபோது அவள் முகத்தில் இருந்ததுதான் செய்திமடல் சொன்ன இன்முகம்.

அவகாசம் முடிய ஆறு நாள் இருக்கும்போது அனுப்பினாள். பிறகு ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. அவள் டூட்டிக்குப் போனாள், வந்தாள். மேட்ரன் அவளை வார்டிலிருந்து எடுத்துப் பொருள் கிடங்குக்கு மாற்றினார். நிர்வாகக் காரணம் என்றார்கள். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கையுறைப் பெட்டிகளை எண்ணினாள். இங்கே எண்ணினது எண்ணினபடி இருக்கு, நிம்மதி என்றாள். அது நிம்மதி இல்லை என்று எனக்குத் தெரியும். பதிலைப் பற்றி அவள் பேசவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் மட்டும் கழுவுகிற பாத்திரம் அப்படியே நிற்கும்.

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினாறு குறிப்புகளுக்கு எதிரே, ஏற்கப்பட்டது. பன்னிரண்டாவதற்கு எதிரே மூன்று வரி. "பதில் ஏற்கப்பட்டது. என் குறிப்பு தவறான அனுமானத்தின் மேல் எழுதப்பட்டது. வார்டில் இல்லாத நோயாளிகள் பற்றிய அட்டவணையைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து நான்காம் அத்தியாயத்தில் வைக்கவும்."

"பாருங்க, இன்னொரு திருத்தம்," என்றாள். உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்று எழுதினால் நன்றாயிருக்கும், அழவில்லை. எல்லாப் பக்கமும் மறுபடி நகருமே என்று மகளைக் கூப்பிட்டாள்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடியது. மேட்ரன் வரவில்லை. கடைசி வரிசையில் டூட்டி உடையோடு தோழி உட்கார்ந்திருந்தாள். கேள்வி நேரத்தில் யாரோ ஒருவர், தாள் பொய் என்றால் தாளையே எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஒவ்வொரு வார்டுக்கும் இன்னும் இரண்டு ஆளைப் போடுங்கள், தாள் தானாகத் திருந்தும் என்றாள். கடைசி வரிசையில் கைதட்டல் கேட்டது, ஒரே ஒரு ஜோடிக் கை.

பட்டம் வாங்கிய பிறகும் கிடங்கில்தான் இருந்தாள். பிறகு, மூன்றாம் வருடம், அவளே படுத்தாள். புற்றுநோய், முதுகெலும்பில் பரவிவிட்டது என்றார்கள். கடைசி ஏழு வாரம் வீட்டில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல். நானும் மகளும் திருப்பினோம். எப்படித் திருப்புவது, தோளையும் இடுப்பையும் ஒரே சமயத்தில் எப்படிப் பிடிப்பது, கணுக்காலுக்கு நடுவே தலையணையை எப்படிச் செருகுவது என்று படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். தவறினால், "டிப்போ வண்டியா நான்?" என்பாள்.

மகள் கட்டம் போட்டு ஒரு தாளை அச்செடுத்துக் கட்டில் காலடியில் தொங்கவிட்டாள். எழுதுவது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப் போய்விட்டேன். விழித்தபோது நாலு மணி. திருப்பிப் படுக்கவைத்தேன். பிறகு தாளை எடுத்து, நாலு மணிக் கட்டத்தில் எழுதினேன். பேனா இரண்டு மணிக் கட்டத்துக்கு மேல் நின்றது. நான் இருபத்தாறு வருடம் நேரம் எழுதியவன். கைக்கு வழி தெரியும்.

அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. நான் நிற்பது எப்படித் தெரிந்ததோ.

"அது காலியா இருக்கட்டும்," என்றாள்.

ஏழு வாரத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. மொத்தம் பதினொரு காலிக் கட்டங்கள். அவளுக்குப் புண் வரவில்லை. வலது குதிகாலில் மட்டும் ஒரு நாள் சிவந்து மறைந்தது, அதுவும் எழுதியிருக்கிறது. கடைசித் தாளில் காலை எட்டு மணிக்கு இடது என்று இருக்கிறது. ஒன்பது ஐம்பதுக்கு அவள் போய்விட்டாள். பத்து மணிக் கட்டத்திலிருந்து கீழே எதுவும் இல்லை.

செய்திமடலுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நான்காவது வரியை மாற்றச் சொல்லி. பணிவாகத்தான் எழுதியிருக்கிறேன்; பதிலுக்குக் காத்திருக்க எனக்கு நேரமிருக்கிறது.